மயிலைக் கோயிலில் ஒரு மாலை: தேங்காய் உடைப்பது, வலம் வருவது, விழுந்து வணங்குவது

புனேயில் வளர்ந்த என் தம்பி மகன் போன மாதம் சென்னைக்கு வேலை கிடைத்து வந்தான். வயது இருபத்து நான்கு. வீட்டில் விளக்கு ஏற்றும்போது கை கூப்புவான், அவ்வளவுதான் பழக்கம். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலுக்குக் கூட்டிப் போனபோது, "பெரியப்பா, எல்லாரும் என்னென்னவோ செய்கிறார்கள், நான் எதைப் பார்த்துச் செய்யட்டும்?" என்று கேட்டான். அன்றைக்கு அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதல்முறை போகிறவர்கள் தயங்குவது மூன்று இடங்களில்: தேங்காய், வலம், நமஸ்காரம். மூன்றையும் நாங்கள் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். சந்நிதி எந்தத் திசை பார்க்கிறது என்று தெரியாமல் எதையும் தொடங்க வேண்டாம். பெரும்பாலான சிவன் கோயில்களில் சாமி கிழக்கு பார்த்து இருப்பார். மயிலையில் மேற்கு பார்த்து, குளத்தை நோக்கி இருக்கிறார். ஏழுநிலைக் கோபுரம் மட்டும் கிழக்கே இருக்கிறது. அந்த வழியாக நுழைந்தால் சாமிக்குப் பின்பக்கம் வந்து நிற்போம். தம்பி மகன் உள்ளே வந்ததும், "சாமி எங்கே?" என்றுதான் கேட்டான். கோபுரத்தருகே இருக்கும் நர்த்தன விநாயகரைக் கும்பிட்டுவிட்டு, இடப்பக்கம் திரும்பித் தெற்குப் பிராகாரம் வழியாக மேற்கே போனோம். அப்படிப் போனால் கோயில் நம் வலக்கைப் பக்கம் இருக்கும். கொடிமரத்தடிக்கு வந்து நின்றதும், எதிரே தெரிகிற சந்நிதிதான் கபாலீசுவரர்.

தேங்காய் வாங்குவது

கோயில் வாசல் கடையில் அர்ச்சனைத் தட்டு வாங்கினால் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, பூ, கற்பூரம், ஊதுபத்தி என்று எல்லாம் சேர்ந்தே வரும். மற்றதை விடுங்கள், தேங்காயை மட்டும் கையில் எடுத்துப் பாருங்கள். காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்க வேண்டும். அளவுக்கேற்ற கனம் இருக்க வேண்டும். அப்புறம் கண் பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். அங்கே ஈரமோ பூஞ்சணமோ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மூன்று கண்ணில் ஒன்றுதான் மெல்லியது, முளை வெளியே வரும் வழி அது. காற்றும் கிருமியும் உள்ளே போவதும் அந்த வழியாகத்தான். ஓட்டில் மயிரிழை விரிசல் இருந்தாலும் இதே கதிதான்.

பூஜைத் தேங்காயை நார் உரித்தாலும் குடுமியை விட்டு வைப்பதற்குக் காரணம் இதுதான். குடுமி கண்களை மூடிக் காப்பாற்றும். குடுமியைப் பிய்த்துவிட்டுக் காலையிலிருந்து வெயிலில் வைத்திருக்கும் காய் மலிவாகக் கிடைத்தாலும் அர்ச்சனைக்கு வாங்காதீர்கள்.

இரண்டு வகை உடைப்பு

புதிதாக வருகிறவர்கள் குழம்புவது இங்கேதான். கோயிலில் தேங்காய் உடைப்பது என்பது ஒரே செயல் அல்ல. ஒன்று சாமிக்குப் படைப்பதற்காக இரண்டு மூடியாகப் பிளப்பது. மற்றொன்று பிள்ளையாருக்குச் சிதறு தேங்காய் போடுவது. முதலாவதில் காய் அழகாக இரண்டாக வேண்டும், தண்ணீரும் வீணாகக் கூடாது. இரண்டாவதில் காய் சுக்குநூறாக வேண்டும். ஒன்றுக்குரிய முறையை மற்றொன்றில் செய்தால் சரியாக வராது.

அர்ச்சனைத் தேங்காயைக் கோயிலில் குருக்களோ அவருக்கு உதவியாக இருப்பவரோதான் உடைப்பார்கள். நாம் தட்டைக் கொடுத்து, பெயர், நட்சத்திரம், கோத்திரம் சொன்னால் போதும். கோத்திரம் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம், கூச்சப்பட வேண்டியதில்லை. ஆனால் வீட்டுப் பூஜையில் நீங்கள்தான் உடைக்க வேண்டியிருக்கும். எனவே முறையைக் கற்றுக்கொள்ளுங்கள்.

காயை இடது உள்ளங்கையில் படுக்கை வாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். குடுமி ஒரு பக்கம், அடிப்பகுதி மறுபக்கம் இருக்கட்டும். விரல்கள் எல்லாம் காய்க்கு அடியில் இருக்க வேண்டும். கட்டைவிரல் மேலே ஏறினால் அடி அதன் மேல்தான் விழும். குடுமிக்கும் அடிக்கும் சரி நடுவே, காயைச் சுற்றி ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தொட்டு விரலால் அந்தக் கோட்டைப் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. அரிவாளின் கூர்ப்பக்கத்தால் வெட்டக் கூடாது, முதுகுப் பக்கத்தால் தட்ட வேண்டும். ஓங்கி ஒரே அடியாக அடிக்காமல், கோட்டின்மேல் ஒரு தட்டு, காயைக் கொஞ்சம் உருட்டி இன்னொரு தட்டு என்று சுற்றி வாருங்கள். முதலில் 'டக் டக்' என்று கணீரென்று கேட்கும். விரிசல் விழுந்ததும் சத்தம் அடங்கிப்போகும். அந்த நொடியில் கீழே ஒரு கிண்ணத்தைப் பிடித்து, தண்ணீரை வடித்துவிட்டு, பிறகு மெல்லப் பிரித்தால் இரண்டு மூடியும் கோணாமல் வரும். உடைத்த பிறகு குடுமியை நீக்கிவிட்டுத்தான் நிவேதனத்துக்கு வைக்க வேண்டும்.

சைவர்கள் இதற்குச் சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு, உயிரைக் கட்டியிருக்கும் மூன்று மலங்களையும் தேங்காயில் காட்டுவது அது. வெளிமட்டை மாயை, நார் கன்மம், ஓடு ஆணவம். மூன்றும் நீங்கினால்தான் உள்ளே இருக்கும் வெண்மை தெரியும். எனக்கு இந்த விளக்கத்தில் பிடித்தது அதன் வரிசை. மட்டையையும் நாரையும் உரித்துவிடலாம், ஓட்டைத்தான் உடைக்க வேண்டியிருக்கிறது. ஆணவ மலம் உயிரோடு ஒட்டியே பிறந்தது என்று சைவ சித்தாந்தம் சொல்கிறது. ஓடும் பருப்போடு அப்படித்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இனி சிதறு தேங்காய். பிள்ளையார் சந்நிதி அருகே இதற்கென்று ஒரு கல்லோ, தொட்டி போலக் கட்டிய இடமோ இருக்கும். அதைத் தவிர வேறு எங்கும் உடைக்கக் கூடாது. ஓட்டுத் துண்டு வெறுங்காலில் ஏறினால் ரத்தம் வரும். கோயிலில் எல்லோரும் வெறுங்காலோடுதான் நடக்கிறார்கள். காயின்மேல் ஒரு வில்லை கற்பூரம் ஏற்றி, பிள்ளையாரைப் பார்த்து வலச்சுற்றாக மூன்று முறை சுற்றுவது வழக்கம். கற்பூரம் அணையட்டும், அல்லது விளக்கு வைக்கும் மேடையில் அதை நழுவ விட்டுவிடுங்கள். எரிகிற கற்பூரத்தோடு எறிந்தால் அது யார் மேல் விழும் என்று சொல்ல முடியாது.

எறிவதற்கு முன் இரண்டு பக்கமும் பாருங்கள். முன்னால் போட்டவரின் துண்டுகளைக் குழந்தைகள் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் விலகும்வரை நில்லுங்கள். பிறகு இரண்டு மூன்று அடி தள்ளி நின்று, வலக்கையால் தலைக்கு மேலே தூக்கி, கல்லின் விளிம்பைக் குறிவைத்து வேகமாக அடியுங்கள். தம்பி மகன் கூச்சத்தில் மெல்லப் போட்டான். காய் தட்டையான இடத்தில் பட்டு, ஒரு கீறலும் இல்லாமல் துள்ளி, உருண்டு, பக்கத்தில் நின்ற அம்மாவின் காலடியில் போய் நின்றது. அவன் முகம் வெளுத்துவிட்டது. அந்த அம்மா குனிந்து எடுத்து, "ஒன்றும் ஆகாது தம்பி, பிள்ளையார் இன்னொரு தடவை கேட்கிறார், ஓங்கிப் போடு" என்று கையில் கொடுத்தார். இரண்டாவது முறை விளிம்பில் பட்டு, தண்ணீர் எங்கள் கால்வரை தெறித்தது. உடையாவிட்டால் எடுத்து மறுபடி போடுங்கள். அதில் தோஷம் எதுவும் இல்லை.

சிதறு காயில் நமக்குப் பங்கு கிடையாது. அது எடுப்பவர்களுக்கு. அதனால்தான் அதைச் சிதற விடுகிறோம் என்று என் பாட்டி சொல்வார். ஒரு துண்டையும் திரும்பி எடுக்காமல் நகர்ந்துவிடுங்கள்.

காய் அழுகியிருந்தால் என்ன செய்வது? பலர் அபசகுனம் என்று நாள் முழுக்க மனம் உடைந்துபோகிறார்கள். மேலே சொன்ன கண் வழியாகவோ, கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியாகவோ கெட்டிருக்கும், அவ்வளவுதான். அர்ச்சனைத் தட்டில் இருந்த காயென்றால் வேறு காய் வாங்கிக் கொடுங்கள். சிதறு காயென்றால் போட்டதோடு சரி. உள்ளே பஞ்சு போல வெள்ளையாகப் பூ இருந்தால் காய் முளைக்கத் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதை நல்ல சகுனமாகக் கொண்டாடுவார்கள். தாராளமாகச் சாப்பிடலாம், இனிப்பாக இருக்கும்.

பெண்கள் தேங்காய் உடைக்கலாமா என்று கேட்பார்கள். கூடாது என்று வைத்திருக்கும் வீடுகள் உண்டு. கர்ப்பிணிகள் உடைப்பதில்லை, உடைக்கும் இடத்தில் நிற்பதும் இல்லை. எங்கள் வீட்டில் பூஜைக்குத் தேங்காய் உடைப்பது என் அம்மாதான், எங்கள் எல்லாரையும்விட நேராக உடைப்பார். உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அப்படியே செய்யுங்கள்.

வலம் வருவது

அர்ச்சனை முடிந்து, தீபாராதனை பார்த்து, விபூதி வாங்கிக்கொண்ட பிறகு வலம். பிரதட்சிணம் என்ற சொல்லிலேயே தட்சிணம், அதாவது வலப்பக்கம், இருக்கிறது. விதி ஒன்றுதான்: கருவறை எப்போதும் உங்கள் வலத்தோளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சாமியைப் பார்த்து நிற்கும்போது எந்தப் பக்கம் திரும்புவது என்று குழப்பம் வரும். இடப்பக்கம் திரும்பி நடக்கத் தொடங்குங்கள். கோயில் எந்தத் திசை பார்த்தாலும் இது பொருந்தும்.

திசை மாறினால் மாறுவது வழியில் பார்க்கும் தெய்வங்களின் வரிசைதான். கிழக்கு பார்த்த கோயிலில் முதலில் தெற்குச் சுவரில் தட்சிணாமூர்த்தி வருவார். கடைசியில் வடக்குப் பக்கம் துர்க்கையும் சண்டிகேசுவரரும். மயிலை போல மேற்கு பார்த்த கோயிலில் நடை வடக்கில் தொடங்குவதால் வரிசை தலைகீழாகிவிடும், தட்சிணாமூர்த்தி கடைசியில் வருவார். அவர் எங்கேயும் தெற்கு பார்த்தே இருப்பார். பழக்கமான கோயிலின் வரிசையை மனதில் வைத்துக்கொண்டு இங்கே வந்தவர்கள், எங்கேயோ தவறிவிட்டோம் என்று திரும்பி எதிர்ச்சுற்று நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். திரும்ப வேண்டாம். வலத்தோளை மட்டும் பாருங்கள்.

எத்தனை சுற்று? எங்கள் பக்கம் சொல்லும் கணக்கு: பிள்ளையாருக்கு ஒன்று, சிவனுக்கு மூன்று, அம்பாளுக்கும் பெருமாளுக்கும் நான்கு, அரசமரத்துக்கு ஏழு, நவக்கிரகத்துக்கு ஒன்பது. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். தொடங்கிய இடத்துக்கு வந்து, ஒரு கணம் நின்று, சாமியைப் பார்த்துக் கும்பிட்டால்தான் ஒரு சுற்று முடிந்ததாகக் கணக்கு.

எப்படி நடப்பது என்பதற்குப் பெரியவர்கள் ஒரு உவமை சொல்வார்கள்: நிறைமாதக் கர்ப்பிணி தலையில் எண்ணெய்க்குடம் சுமந்து நடப்பதுபோல. சொன்னவுடன் தம்பி மகனின் நடை தானாகவே பாதியாகக் குறைந்தது. கை வீசாமல், நெஞ்சருகே கூப்பியபடியோ சும்மா தொங்கவிட்டோ, பாதத்தை முழுதாக ஊன்றி நடக்க வேண்டும். ஓடிப்போய் நூற்றெட்டு முடிப்பதைவிட மூன்று சுற்றை இப்படி நடப்பது எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம். பேச்சும் போனும் வேண்டாம். கருவறை வெளிச்சுவர் மாடங்களில் இருக்கும் கோஷ்டச் சிற்பங்களைத் தொட்டுத் தொட்டு கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். எண்ணெயும் வியர்வையும் படிந்து கல் கறுத்துப்போகிறது. நந்திக்கும் சாமிக்கும் நடுவே குறுக்கே போகாமல், நந்திக்குப் பின்பக்கமாகச் சுற்றிக்கொள்ளுங்கள்.

வடக்குச் சுவரில் அபிஷேக நீர் வெளியே விழும் கோமுகி இருக்கும். அதன் அருகே சின்னச் சந்நிதியில் சண்டிகேசுவரர். கருவறைச் சுவருக்கும் அவருக்கும் நடுவே நுழையாமல், அவரையும் உள்ளே வைத்துச் சுற்றிப் போக வேண்டும். அவர் முன்னால் பலரும் பட்டென்று கை தட்டுவார்கள், சொடுக்குவார்கள், வேட்டியிலிருந்து நூலைப் பிய்த்துப் போடுவார்கள். இவை எதுவும் வேண்டாம். அவர் சிவத்தியானத்தில் இருப்பவர். கோயில் சொத்துக்குக் காவலரும் அவரே. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலின் கொடுக்கல் வாங்கல் அவர் பெயரில்தான் எழுதப்பட்டிருக்கிறது. சிவன் கோயிலிலிருந்து எதையும் எடுத்துப் போகவில்லை என்று அவரிடம் காட்டுவதற்காக இரண்டு உள்ளங்கையையும் விரித்து, ஓசை வராமல் ஒன்றோடொன்று மெல்லத் துடைத்துக் காட்டினால் போதும். அந்தத் துடைப்புதான் காலப்போக்கில் கைதட்டலாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

பிரதோஷத்தன்று மாலை போனால், சிலர் கோமுகிவரை போய்த் திரும்பி எதிர்ப்பக்கம் நடப்பதைப் பார்ப்பீர்கள். அது சோமசூத்திரப் பிரதட்சிணம். கோமுகியைத் தாண்டாமல் வலமும் இடமுமாகச் சென்று திரும்பும் தனி முறை. ஆலகால விஷத்துக்குப் பயந்து தேவர்கள் இப்படியும் அப்படியும் ஓடியதை நினைத்துச் செய்வது. தெரிந்தவர் ஒருவரோடு கற்றுக்கொள்ளும்வரை நீங்கள் வழக்கமான சுற்றையே சுற்றுங்கள்.

விழுந்து வணங்குவது

இது கடைசியில், கொடிமரத்தடியில். உள்ளே சந்நிதிக்குச் சந்நிதி விழுவது பக்தியால்தான் என்றாலும் சரியல்ல. உள்ளே எந்தப் பக்கம் படுத்தாலும் ஏதாவது ஒரு சந்நிதிக்கு நேரே கால் நீளும். கொடிமரத்துக்கும் பலிபீடத்துக்கும் வெளிப்புறம்தான் அதற்கான இடம். அதே காரணத்தால், கோயிலுக்குள் அப்பா அம்மா காலில்கூட விழுவதில்லை. வீட்டுக்கு வந்து விழலாம்.

திசைக்கு விதி உண்டு. கால் கிழக்கிலோ வடக்கிலோ நீளக் கூடாது. சந்நிதி கிழக்கோ மேற்கோ பார்த்தால் வடக்கே தலை வைத்து விழ வேண்டும். வடக்கோ தெற்கோ பார்த்தால் கிழக்கே தலை. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் சைவ வினாவிடையில் இதைத்தான் சொல்கிறார். மயிலையில் கபாலீசுவரர் மேற்கு பார்ப்பதால், கொடிமரத்தடியில் சாமியைப் பார்த்து நின்றுகொண்டு, உங்கள் இடக்கைப் பக்கம் தலை வருமாறு விழ வேண்டும். அதுதான் வடக்கு. பெரும்பாலோர் சாமியை நோக்கியே நேராக விழுகிறார்கள். இங்கே அப்படி விழுந்தால் கால் மேற்கே போகும், விலக்கான திசை இல்லை. ஆனால் கிழக்கு பார்த்த கோயிலில் அதே பழக்கத்தில் விழுந்தால் கால் கிழக்கே நீண்டுவிடும்.

ஆண்களுக்கு அஷ்டாங்கம். தலை, இரண்டு கை, இரண்டு காது, மோவாய், இரண்டு தோள் என எட்டு உறுப்பும் தரையில் பட வேண்டும். முதலில் சட்டைப்பையில் இருக்கும் போன், சாவி, கண்ணாடியை எடுத்துத் தட்டில் வைத்துவிடுங்கள். முழங்கால் ஊன்றி, கைகளை ஊன்றி, மெதுவாக மார்பு தரையில் படும்படி படுங்கள். நெற்றி படட்டும். வலக்கையை முதலிலும் இடக்கையைப் பிறகும் தலைக்கு முன்னால் நீட்டுங்கள். அதே வரிசையில் மடக்கி, தோள்கள் தரையில் படும்படி இடுப்பை நோக்கிக் கொண்டுவாருங்கள். பிறகு முகத்தைத் திருப்பி வலக்காது, அடுத்து இடக்காது, மோவாய். இவ்வளவு நேரம் கூட்டத்தில் கிடைக்காது என்றால், கைகளைத் தலைக்கு முன் கூப்பி நீட்டி, நெற்றி பட ஒரு மூச்சு நேரம் கிடந்தாலும் போதும். எழும்போது சட்டென்று எழாமல் முழங்காலில் ஒரு கணம் இருந்து எழுங்கள். வயதானவர்களுக்குத் தலை சுற்றும்.

பெண்களுக்குப் பஞ்சாங்கம். முழங்கால் இரண்டு, உள்ளங்கை இரண்டு, நெற்றி, இந்த ஐந்து மட்டும். மண்டியிட்டு, புடவையை முழங்காலுக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு குனிந்தால் எழும்போது தடுக்காது. மூட்டு வலி உள்ளவர்கள் நின்றபடி தலைக்கு மேல் கை கூப்பினால் அதுவும் ஒரு நமஸ்காரமே.

சிவன் கோயிலில் ஒன்று, இரண்டு என்று நிறுத்துவது குறை, குறைந்தது மூன்று என்பதும் நாவலர் கணக்குதான். பெருமாள் கோயிலில் தென்கலையார் ஒரு முறையோடு நிறுத்துவார்கள், வடகலையாரில் நான்கு முறை சேவிப்பவர்கள் உண்டு. போகிற இடத்தில் அங்குள்ளவர்களைப் பார்த்துச் செய்யுங்கள். கோடைப் பகலில் வெளிப்பிராகாரக் கல் நெற்றியைச் சுட்டுவிடும். காலையிலோ விளக்கு வைத்த பிறகோ போனால் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது முறை எழுந்ததும் தம்பி மகன் நெற்றியில் மண் ஒட்டியிருந்தது, துடைக்கப் போனான். அப்படியே இருக்கட்டும் என்றேன். கொடிமரத்துக்குத் தள்ளி, சாமிக்கு முதுகு காட்டாமல் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பினோம்.

பிரசாத மூடியைப் பற்றி ஒன்று. சில கோயில்களில் ஒரு மூடியை வைத்துக்கொண்டு மற்றதைத்தான் தருவார்கள். எது வந்தாலும் அதன்மேல் பூவையும் விபூதிப் பொட்டலத்தையும் போட்டுப் பையில் கட்டி வைக்காதீர்கள், இரவுக்குள் பிசுபிசுத்துவிடும். வீட்டுக்கு வந்ததும் கழுவித் துடைத்து, அன்றைக்கோ மறுநாள் காலையோ சட்னிக்கோ பொரியலுக்கோ எடுத்துக்கொள்ளுங்கள். அசைவச் சமையலில் மட்டும் சேர்ப்பதில்லை.